கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பழுதாகும் வால்வும் பயாஸும்

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் சந்தைக்குக் கொண்டுவந்த டீலக்ஸ் ரிவெர்ப், வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் பழுது பார்க்கப்படும் மாதிரிகளுள் ஒன்று. அதன் சுற்று ஃபெண்டர் வரைபடங்களில் ஏபி763 என்று குறிக்கப்பட்டது. ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கரை 22 வாட் அளவில் ஒலிக்கச் செய்யும் சிறிய பெட்டிதான். அதன் பின்பக்கம் குனிந்து பார்த்தால் 9 வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். வால்வு என்பதை ட்யூப் என்றும் சொல்வார்கள். இவற்றில் 6 சிறியவை. கிட்டார் கம்பியிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் படிப்படியாகப் பெரிதாக்குவது, எதிரொலி சேர்ப்பது, ஒலியை அலையலையாக ஏற்றி இறக்குவது எல்லாம் அவற்றின் வேலை. அடுத்து நிற்கும் இரண்டு 6வி6 வால்வுகள் ஸ்பீக்கரை அசைக்கும் திறனைத் தருகின்றன. கடைசியில் உள்ள ஜிஇசட்34, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது.

ஒன்பதும் தேய்பவைதான், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. சிறிய வால்வுகள் பத்தாண்டுக்கு மேலும் உழைப்பதுண்டு. வாரந்தோறும் மேடையேறும் கலைஞரிடம் இருக்கும் 6வி6 ஓரிரு ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடலாம். அதிக வெப்பத்தையும் அதிக மின்னோட்டத்தையும் தாங்குபவை அவைதான். பயாஸ் சரிசெய்ய வேண்டியதும் அவற்றுக்குத்தான். பழுதும் பயாஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதால், ஒன்றை அறியாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

வால்வுக்குள் காற்று கிடையாது. நடுவில் ஒரு மெல்லிய உலோகக் குழல் நிற்கிறது. அதுதான் கேத்தோடு. அதன் உள்ளே ஓடும் ஹீட்டர் இழை 6.3 வோல்ட்டில் எரிந்து அதைச் சூடாக்கும். கேத்தோடின் மேல் பூசப்பட்ட பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் சூடேறியதும் எலக்ட்ரான்களை வெளியே விடுகின்றன. பழைய வால்வு ரேடியோக்கள் சுவிட்சைப் போட்டுச் சற்று நேரம் கழித்தே பேசத் தொடங்கியது இந்தச் சூடேற்றத்துக்காகத்தான். வெளியே வந்த எலக்ட்ரான்களைச் சுற்றிலும் நிற்கும் பிளேட் என்ற உலோகத் தகடு இழுத்துக்கொள்கிறது. டீலக்ஸ் ரிவெர்பில் அந்தத் தகட்டில் ஏறக்குறைய 415 வோல்ட் இருக்கும்.

கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுருளாகக் கிரிட் நிற்கிறது. கேத்தோடை ஒப்பிடக் கிரிட் எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடும். எதிர்மின் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மின்னோட்டம் குறையும். தண்ணீர்க் குழாயின் திருகு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதுபோல் இதை எண்ணிக்கொள்ளலாம். கிட்டாரின் சைகை கிரிட்டில் ஏறி இறங்கும்போது அந்தத் திருகு திறந்து மூடுகிறது, பிளேட்டில் ஓடும் பெரிய மின்னோட்டம் அதே வடிவில் ஏறி இறங்குகிறது. சைகை எதுவும் வராதபோது திருகு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிடும் நிலையான எதிர்மின் அழுத்தமே பயாஸ். ஏபி763-இல் அது மைனஸ் 35 வோல்ட்டை ஒட்டி இருக்கும்.

அந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு 6வி6 வால்வுகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சைகையின் மேல் பாதியில் ஒன்று உழைக்கிறது, கீழ் பாதியில் மற்றது உழைக்கிறது. கிரிட்டில் எதிர்மின் அளவுக்கு மீறினால் சைகை சுழியைக் கடக்கும் சில கணங்களில் இரண்டுமே உறங்கிவிடும். ஒன்றிடமிருந்து மற்றொன்று வேலையை வாங்கும் இடத்தில் ஒரு வெட்டு விழும். உரக்க வாசிக்கும்போது அது தெரியாது. ஒரு சுரத்தை மீட்டி மெல்ல மறையவிட்டால், கடைசியில் ஒலி வறண்டு கரகரக்கும். தேர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். மற்றவர்கள் ஆம்ப்பில் உயிரில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

எதிர்மின் போதாமல் போனால் கதை வேறு. கிட்டாரைத் தொடாதபோதே வால்வு வழியாகப் பெரிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பிளேட் அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைக்கும் வாட் முழுவதும் தகட்டில் வெப்பமாகிறது. பழைய ஆர்சிஏ கையேட்டின்படி 6வி6 கண்ணாடி வால்வின் பிளேட் தாங்கும் உச்ச வெப்பம் 12 வாட்; உச்ச பிளேட் அழுத்தமோ 315 வோல்ட்தான். ஃபெண்டர் அந்த அழுத்த வரம்பை 100 வோல்ட் மீறியே இந்த ஆம்ப்பை வடிவமைத்தது. அக்கால அமெரிக்க வால்வுகள் அதைத் தாங்கின, இன்றைய தயாரிப்புகளில் எல்லாமே தாங்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே வரம்பு மீறி நிற்கும் வால்வில் பயாஸும் பிசகினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும்.

பழுதின் அறிகுறிகளில் மெதுவாக வருவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. கேத்தோடின் பூச்சு தேயத் தேய எலக்ட்ரான் வரத்து குறைகிறது. ஒலி அளவு சற்றுக் குறையும், தாழ்ந்த சுரங்கள் பிடிப்பிழந்து குழையும், உச்ச சுரங்கள் மங்கும். மாதக்கணக்கில் நடப்பதால் வாசிப்பவரின் காது அதற்குப் பழகிவிடும். புதிய இணை 6வி6 போட்ட அன்றுதான் இழந்தது எவ்வளவு என்று தெரியும். ஹீட்டர் எரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. இழை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது சூடாகிறது என்பதற்கு மட்டுமே சான்று. எலக்ட்ரான் தர எதுவும் மிச்சமில்லாத வால்விலும் அது அழகாக எரியும். இரண்டில் ஒன்று இப்படிச் செத்துவிட்டாலும் ஆம்ப் முழுவதும் ஊமையாகாது. ஒலி பாதியாகி, உடைந்து, அடியில் ஓர் இரைச்சல் எழும்.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வால்வின் உச்சியில் கண்ணாடிக்குள் தெரியும் வெள்ளிப் பூச்சு. வால்வுக்குள் மிஞ்சிய வாயுவை உறிஞ்சிக்கொள்வதற்காகத் தயாரிப்பின்போது படியவிட்ட பேரியம் அது. அது பால் வெள்ளையாக மாறிவிட்டால் கண்ணாடியில் கீறல் விட்டுக் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை. இன்னொன்று உள்ளே தெரியும் நீல ஒளி. இதைக் கண்டு பலர் வீணாகப் பதறுகிறார்கள். கண்ணாடியின் உட்பரப்பில் ஒட்டினாற்போல், கிட்டாரின் தாளத்துக்கேற்ப ஆடும் நீலம் தீங்கற்றது. வழிதவறிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் அது எழுகிறது. அஞ்ச வேண்டியது தகடுகளின் இடையே மூட்டம்போல் நிற்கும் ஊதா அல்லது இளஞ்சிவப்பு ஒளி. அது வாயு.

வாயு புகுந்த வால்வு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் விதம் பயாஸின் வேலையையும் சேர்த்துக் காட்டுகிறது. எலக்ட்ரான்கள் வாயு அணுக்களில் மோதி அவற்றை நேர்மின் அயனிகளாக்குகின்றன. அந்த அயனிகளை எதிர்மின் கிரிட் இழுத்துக்கொள்கிறது. அதனால் கிரிட்டில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடத் தொடங்கும். ஏபி763-இல் பயாஸ் அழுத்தம் 2,20,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரிட்டை அடைகிறது. ஓடுவது வெறும் 10 மைக்ரோ ஆம்பியராக இருந்தாலும் அந்த ரெசிஸ்டரில் 2.2 வோல்ட் விழும். கிரிட்டில் மைனஸ் 35 இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 33-க்கும் குறைவாகவே நிற்கும். வோல்ட்டுக்குச் சில மில்லி ஆம்பியர் வீதம் பிளேட் மின்னோட்டம் கூடும். கூடிய மின்னோட்டம் தகட்டைச் சூடாக்க, சூடான உலோகம் மேலும் வாயுவை வெளியிட, கிரிட் இன்னும் நழுவும். பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பிறகு தகடு சிவக்கத் தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் நடப்பது இதுதான்.

தகடு சிவப்பது ஆம்ப்பில் காணக்கூடிய மிக அவசரமான அறிகுறி. விளக்கை அணைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத் தகட்டின் பக்கவாட்டில் ஒரு மங்கிய செம்புள்ளி தோன்றிப் பரவுவது தெரியும். நடுவில் இருக்கும் இழையின் ஆரஞ்சு வேறு, வெளித்தகட்டின் சிவப்பு வேறு. சிவப்பைக் கண்டதும் ஆம்ப்பை அணைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் வால்வு போவதோடு நிற்காது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் சுருளும் எரியக்கூடும். வால்வு ஒன்றின் விலையைவிட ட்ரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு செலவு வைக்கும்.

இனித்தான் பலர் தவறுகிறார்கள். சிவந்த வால்வைக் கழற்றிப் புதியதைப் போட்டு, அதுவும் சிவந்ததும் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சிவப்பு என்பது அறிகுறி மட்டுமே, காரணம் வால்விலும் இருக்கலாம், ஆம்ப்பின் சுற்றிலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க எளிய வழி, ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு இரண்டு 6வி6 வால்வுகளையும் இடம் மாற்றிப் போடுவது. சிவப்பு வால்வோடு சேர்ந்தே அடுத்த சாக்கெட்டுக்குப் போனால் வால்வுதான் பழுது. சிவப்பு அதே சாக்கெட்டில் நின்றுகொண்டு அங்கே வந்த நல்ல வால்வையும் சுடுமானால் பழுது சுற்றில். முன்னிலை வால்விலிருந்து சைகையைக் கடத்தும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் கசிந்து, அப்பால் இருக்கும் நேர்மின் அழுத்தத்தைக் கிரிட்டுக்குள் விடுவது அதற்கு வழக்கமான காரணம். அந்தக் கிரிட்டுக்குப் போகும் ரெசிஸ்டரோ, சாக்கெட்டின் கிரிட் முனையோ தொடர்பு விட்டிருந்தாலும் இதுவே நடக்கும், ஏனெனில் பயாஸ் அங்கே போய்ச் சேராது. இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் சிவந்தால், இரண்டுக்கும் பொதுவான பயாஸ் வழங்கியைத்தான் ஐயப்பட வேண்டும். அதிலுள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் பல ஆண்டுகளில் உலர்ந்துபோகும். அப்போது எதிர்மின் அழுத்தம் குறைந்து, அருகருகே நிற்கும் இரண்டும் சேர்ந்து எரியும். அறுபதாண்டுப் பழைய ஆம்ப்பில் அந்த இருபது ரூபாய்ச் சாமானை மாற்றாமல் விலையுயர்ந்த வால்வு வாங்கிப் போடுவது வீண் செலவு.

ஃப்யூஸ் எரிந்துகொண்டே இருந்தாலும் வழி இதேபோன்றதுதான். ஜிஇசட்34-ஐக் கழற்றிவிட்டு ஆம்ப்பைப் போட்டால் ஃப்யூஸ் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாங்கினால் 6வி6 இரண்டையும் எடுத்துவிட்டு ஜிஇசட்34-ஐ மாட்டிப் பார்க்க வேண்டும். இப்போதும் எரியாவிட்டால் 6வி6 இரண்டில் ஒன்றில் உள்ளே குறுக்குத் தொடர்பு ஏற்பட்டிருக்கும். எரிந்தால் ஜிஇசட்34-ஐயோ, அதற்கு அப்பால் உள்ள கண்டென்சர்களையோ பார்க்க வேண்டும். எரிகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடுவது மட்டும் கூடவே கூடாது.

சிறிய வால்வுகளின் பழுது காதுக்கே கேட்கும். 12ஏஎக்ஸ்7 ஒன்றின் உள் உறுப்புகள் தளர்ந்துவிட்டால் அது மைக்ரோஃபோன் போல நடந்துகொள்ளும். பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை கேட்கும், உரக்க வைத்தால் ஊளையிடும். எல்லா 12ஏஎக்ஸ்7-உம் கொஞ்சம் ஒலிக்கத்தான் செய்யும், முதல் நிலையில் உள்ளது மற்றவற்றைவிட அதிகமாகவே ஒலிக்கும். தட்டிய ஒலி உடனே அடங்காமல் நீண்டால்தான் அது பழுது. கேத்தோடுக்கும் ஹீட்டருக்கும் இடையே கசிவு ஏற்பட்டால் மின்வழங்கலின் அதே அதிர்வெண்ணில் தாழ்ந்த இரைச்சல் வரும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. கண்டென்சர் உலர்ந்ததால் வரும் இரைச்சல் அதன் இருமடங்கில், அதாவது ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். இரண்டும் இரைச்சல்தான் என்றாலும் சுருதியை வைத்து வால்வையும் கண்டென்சரையும் பிரித்துவிடலாம். இசை தெரிந்தவருக்கு இது மீட்டர் இல்லாத சோதனை.

எந்த வால்வு என்று காண, சைகை போகும் வழியிலேயே நடந்து போக வேண்டும். டீலக்ஸ் ரிவெர்பின் வைப்ரேட்டோ பாதையில் கரகரப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதையின் முதல் வால்வு, வலப்புறத்திலிருந்து இரண்டாவதாக நிற்கும் 12ஏஎக்ஸ்7. ஆம்ப்பை அணைத்து அதைக் கழற்றி, மறுபடி போட்டுக் கேட்க வேண்டும். கரகரப்பு நின்றுவிட்டால் பழுது அந்த வால்விலோ அதற்கு முன்போ இருக்கிறது. நிற்கவில்லையென்றால் நான்காவதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் தொடர்ந்தால், சைகையை இரண்டாகப் பிரித்து 6வி6 இரண்டுக்கும் அனுப்பும் ஆறாவது வால்வான 12ஏடி7. அதை எடுத்த பிறகும் கேட்டால் பழுது 6வி6 பகுதியில். ஐயப்பட்ட இடத்தில் நன்றாக இருப்பதாகத் தெரிந்த வால்வைப் போட்டுப் பார்த்தும் கரகரப்பு போகவில்லையென்றால் குற்றம் வால்வினுடையது அல்ல. அழுக்கேறிய சாக்கெட்டும், வயதான கார்பன் ரெசிஸ்டரும் அதே ஓசையைத் தரும்.

இந்தச் சிறிய வால்வுகளை மாற்றும்போது பயாஸ் பார்க்கத் தேவையில்லை. அவற்றின் கேத்தோடில் ஒரு ரெசிஸ்டர், பெரும்பாலும் 1,500 ஓம், பொருத்தப்பட்டிருக்கும். வால்வின் வழியே ஓடும் மின்னோட்டம் அதில் ஓடிக் கேத்தோடைச் சற்று நேர்மின்னாக்குகிறது. கேத்தோடு உயர்ந்தால் கிரிட் அதை ஒப்பிட எதிர்மின்னாகிவிடும். மின்னோட்டம் கூடினால் எதிர்மின்னும் கூடி அதைக் குறைக்கும், வால்வு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். சில ஆம்ப்களில் திறன் வால்வுகளும் இதே முறையில் இயங்குகின்றன. நான்கு ஈஎல்84 கொண்ட இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 அப்படிப்பட்டது. 1950-களின் ஃபெண்டர் டீலக்ஸும் அப்படியே. அவற்றில் திருப்பிச் சரிசெய்ய எதுவும் இல்லை, பொருத்தமான வால்வைப் போட்டால் போதும். ஆனால் அந்த ரெசிஸ்டரில் விழும் அழுத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் திறனிலிருந்து கழிகிறது. டீலக்ஸ் ரிவெர்ப் கேத்தோடை நேராகத் தரையில் இணைத்து, கிரிட்டுக்குத் தனி வழங்கியிலிருந்து எதிர்மின் கொடுக்கிறது. அதனால் கூடுதல் வாட் கிடைக்கிறது, தற்காப்பு போய்விடுகிறது. வழங்கி தரும் அழுத்தம் வால்வு எதுவானாலும் மாறாது. வால்வோ ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு 6வி6 வால்வுகள் மைனஸ் 35 வோல்ட்டில் ஒன்று 18 மில்லி ஆம்பியரும் மற்றது 30-உம் இழுக்கலாம். திறன் வால்வை மாற்றும்போதெல்லாம் பயாஸ் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இணையாகப் பொறுக்கி எடுத்த வால்வுகளை விற்பதற்கும் அதுவே காரணம். டீலக்ஸ் ரிவெர்பில் இரண்டு வால்வுகளுக்கும் ஒரே பயாஸ் திருகுதான் உண்டு. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றதற்கும் அதுவே. இரண்டும் 3 மில்லி ஆம்பியருக்குள் ஒத்துப்போனால் போதும். இன்னும் நெருக்கமாகப் பொருத்தியதற்கு அதிக விலை கொடுப்பவர்கள் கிட்டார் ஆம்ப்பில் அதற்கேற்ற பலனைக் கேட்பது அரிது.

சரிசெய்யும் முறையை ஓர் எடுத்துக்காட்டில் முழுமையாகப் பார்க்கலாம். அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. ஆம்ப்பை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அது ஆளைக் கொல்லும். சாஸியைத் திறந்து அளக்கும் வேலை உயரழுத்தத்தில் பழகியவருடையது. மற்றவர்கள் இதை வாசித்துத் தெரிந்துகொண்டு தொழில்நுட்பரிடம் கொடுப்பதே முறை. ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்பை ஓட்டவும் கூடாது.

மின்னோட்டத்தை அளக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு 6வி6-இன் கேத்தோடுக்கும் தரைக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுவது. அதன் குறுக்கே மல்டிமீட்டர் காட்டும் மில்லி வோல்ட் எண்ணே மில்லி ஆம்பியர். இன்னொன்று, வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டக்கூடிய அடாப்டர். அதற்குச் சாஸியைத் திறக்க வேண்டாம். பிளேட் அழுத்தத்தையும் காட்டும் வகைகள் உண்டு. இரண்டு முறையிலும் தெரிவது கேத்தோடு மின்னோட்டம். அதில் திரைக் கிரிட்டுக்குப் போகும் சிறு பங்கும் சேர்ந்திருக்கும். 6வி6 சும்மா நிற்கும்போது அது 1 மில்லி ஆம்பியர் அளவு என்று கழித்துவிடலாம்.

தகடு சிவந்ததாகச் சொல்லி ஒரு டீலக்ஸ் ரிவெர்ப் மேசைக்கு வருகிறது. இடம் மாற்றிப் பார்த்ததில் சிவப்பு வால்வோடு போகிறது. பழைய இணையின் அளவுகள்: பிளேட்டில் 402 வோல்ட், ஒன்றில் 24, மற்றதில் 41 மில்லி ஆம்பியர். சிவந்தது 16 வாட்டுக்கு மேல் வெப்பத்தைச் சுமந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு, பொறுக்கிய புதிய இணையைப் போட்டு, ஒலித்திருகுகள் அனைத்தையும் பூஜ்யத்தில் வைத்து, பத்து நிமிடம் சூடேற விட வேண்டும். இப்போது பிளேட்டில் 408 வோல்ட், கேத்தோடுகளில் 30-உம் 32-உம். திரைப் பங்கைக் கழித்தால் 29-உம் 31-உம். அதிகம் இழுப்பதைக் கணக்கிட்டால் 408-ஐ 0.031-ஆல் பெருக்கி 12.6 வாட். புதிய வால்வு, வாசிக்கத் தொடங்கும் முன்பே உச்சத்தைத் தாண்டிவிட்டது. தகடு இன்னும் சிவக்கவில்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளக் கூடாது. சிவப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே ஆயுள் குறையத் தொடங்கிவிடும்.

இலக்கு எவ்வளவு? இந்த வகை ஆம்ப்பில் சும்மா நிற்கும் வெப்பம் உச்சத்தின் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது தொழில்நுட்பர்களின் வழக்கம். 12 வாட்டில் 70 விழுக்காடு 8.4 வாட். மீதி 30 விழுக்காட்டை விட்டுவைக்கக் காரணம் உண்டு: வாசிக்கத் தொடங்கியதும் வால்வின் சராசரி மின்னோட்டம் ஏறும், அப்போதும் தகடு தன் வரம்பை மிஞ்சாதிருக்க அந்த இடைவெளி தேவை. 70 என்பது மேல் எல்லைதானே தவிர எட்டியே ஆக வேண்டிய இலக்கு அல்ல. 60 விழுக்காட்டில் நன்றாக ஒலிக்கும் டீலக்ஸ் ரிவெர்ப்கள் ஏராளம், அவற்றின் வால்வுகளும் நீண்டநாள் உழைக்கும்.

பயாஸ் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் கிரிட் மைனஸ் 33-லிருந்து மைனஸ் 37-ஐ நோக்கி நகர்கிறது. மின்னோட்டம் குறையக் குறைய, சுமை குறைந்ததால் பிளேட் அழுத்தம் ஏறும். எனவே முதலில் அளந்த 408-ஐ வைத்தே கணக்கிட்டால் தவறாகிவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். இறுதியில் பிளேட் 420 வோல்ட்டில் நிற்க, கேத்தோடுகளில் 20-உம் 21-உம் காட்டுகிறது. திரைப் பங்கு போக 19-உம் 20-உம். ஒன்று 8 வாட்டுக்கு ஒரு முடி குறைவு, மற்றது சரியாக 8.4. இங்கே நிறுத்திவிட்டு, கிட்டாரை இணைத்து ஒரு சுரத்தை மீட்டி மறையவிட்டுக் கேட்க வேண்டும். வால் நுனியில் கரகரப்பில்லை என்றால் எதிர்மின் மிகவில்லை. கேட்டால் சற்று ஏற்றலாம், ஆனால் இந்த ஆம்ப்பில் இனி ஏற்ற இடமில்லை. அப்படியானால் குறையை வேறெங்காவது தேட வேண்டும்.

இந்த எண்ணிக்கை சுவர் மின்சாரத்தையும் பொறுத்தது. 1960-களின் ஃபெண்டர்கள் 117 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. இன்றைய அமெரிக்க வீடுகளில் 120-க்கு மேலும் வருகிறது. உள்ளே வரும் அழுத்தம் ஏறினால் பிளேட், ஹீட்டர், பயாஸ் மூன்றும் சேர்ந்தே ஏறும். அந்த ஆம்ப்பை இந்தியாவில் ஓட்ட 230 வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை. பலவற்றில் 110 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் வெளிவருவது அதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். பயாஸை ஆம்ப் வழக்கமாக இயங்கும் ட்ரான்ஸ்ஃபார்மரில் மாட்டியே பார்க்க வேண்டும். பழுது பார்க்கும் கடையின் மேசையில் சரியாக வைத்தது வீட்டில் மாறிவிடக்கூடும்.

புதிய வால்வுகள் முதல் சில மணி நேரத்தில் சற்று நகர்ந்து நிலைகொள்ளும் என்பதால், பத்து இருபது மணி நேரம் வாசித்த பிறகு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. அதன்பின் வால்வை மாற்றும்வரை திருகைத் தொட வேண்டியதில்லை. இடையில் இரண்டு வால்வுகளின் எண்ணும் ஒன்றுபோல் மெல்லக் குறைந்தால் அது இயல்பான தேய்மானம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பயாஸ் வழங்கியைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் தனியே ஏறினால் அந்த வால்வில் வாயு புகுந்திருக்கும், அல்லது அதன் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் கசியத் தொடங்கியிருக்கும். எது என்று மறுபடி இடம் மாற்றிப் போட்டுத்தான் காண வேண்டும்.